கல்ச்சர் ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’: மருந்துக்கு அடங்காத கிருமிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் பாதிக்கு மேல் ‘ஆர்’ என்று போட்டிருக்கிறதே, எனக்கு என்ன ஆச்சு?

உங்கள் உடம்பு மாறவில்லை. சிறுநீரில் வளர்ந்த கிருமி அந்த மருந்துகளுக்கு அடங்க மறுக்கிறது, அதைத்தான் ‘ஆர்’ சொல்கிறது. ‘எஸ்’ என்றால் வழக்கமான அளவில் கொடுத்தால் அடங்கும். ‘ஐ’ என்றால் அளவைக் கூட்டினாலோ, மருந்து அதிகம் சேரும் இடத்தில் தொற்று இருந்தாலோ வேலை செய்யக்கூடும்.

நான் ஒரு மாவட்டத் தலைநகர மருத்துவமனையின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஜன்னலில் வாரத்துக்கு நாலைந்து பேராவது இதே கேள்வியோடு நிற்பார்கள். அவர்களில் பலரைச் சேர்த்து ஒரே ஆளாக்கிச் சொல்கிறேன். 42 வயதுப் பெண். நீர் கழிக்கும்போது எரிச்சல், நிமிடத்துக்கொரு தரம் ஓட்டம். காய்ச்சல் இல்லை, விலாவில் வலி இல்லை. வீட்டுக்காரர் மருந்துக் கடையில் சொல்லி சிப்ரோஃப்ளாக்சசின் நான்கு மாத்திரை வாங்கி வந்தார். இரண்டு நாளில் எரிச்சல் குறைந்தது, பத்தாம் நாள் திரும்பி வந்தது. அடுத்து செஃபிக்சிம் மூன்று நாள். அதுவும் கேட்கவில்லை. அப்புறம்தான் டாக்டர், அப்புறம்தான் கல்ச்சர்.

ரிப்போர்ட்டில் ஈ. கோலை, ஒரு மில்லியில் லட்சத்துக்கு மேல். ஆம்பிசிலின் ஆர், செஃபோடாக்சிம் ஆர், செஃப்ட்ரியாக்சோன் ஆர், சிப்ரோஃப்ளாக்சசின் ஆர், கோ-ட்ரைமாக்சசோல் ஆர். கீழே போனால் நைட்ரோஃப்யூரான்டாயின் எஸ், ஃபாஸ்ஃபோமைசின் எஸ், அமிகாசின் எஸ், மெரோபெனம் எஸ்.

இந்த வரிசையைப் பார்த்ததும் பல இடங்களில் கை நேராக மெரோபெனத்துக்குப் போகும். அட்மிஷன், ஒரு நாளைக்கு மூன்று வேளை நரம்பு ஊசி. ஆனால் இந்தப் பெண்ணின் தொற்று நீர்ப்பையோடு நிற்கிறது. நைட்ரோஃப்யூரான்டாயின் சிறுநீரில்தான் சேரும், அங்கேதான் கிருமியும் இருக்கிறது. 100 மில்லிகிராம் இருவேளை, ஐந்து நாள், வீட்டிலிருந்தே. அவருக்கு அதுதான் எழுதப்பட்டது, குணமானது. காய்ச்சலும் விலா வலியும் இருந்திருந்தால் கதை வேறு. சிறுநீரகத் திசுவுக்குள் இந்த மருந்து போதிய அளவு போகாது, அப்போது ரிப்போர்ட்டில் ‘எஸ்’ இருந்தும் பயனில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் பிரசவம் நெருங்கியவர்களுக்கும் இது ஆகாது. ஆகவே மருந்தின் பெயரைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போய்விடாதீர்கள்.

நான் மாத்திரையே அதிகம் போடாத ஆள். எனக்கு எப்படி இந்தக் கிருமி வந்தது?

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். ‘நோய் எதிர்ப்பு சக்தி’ உங்கள் உடம்புக்குச் சொந்தம். ‘மருந்து எதிர்ப்பு’ கிருமிக்குச் சொந்தம். இரண்டிலும் ‘எதிர்ப்பு’ இருப்பதால், “என் உடம்பு மருந்துக்குப் பழகிடுச்சு சார்” என்று சொல்கிறார்கள். பழகியது கிருமி.

ஈ. கோலை நம் எல்லோர் குடலிலும் கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. அங்கே இருக்கும்வரை தொல்லையில்லை. ஒரு பகுதி சிறுநீர்ப் பாதைக்கு ஏறினால்தான் தொற்று. நீங்கள் வேறு எதற்கோ சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் குடலிலும் வேலை செய்கிறது. அங்கே சாதாரணக் கிருமிகள் சாகும், மருந்துக்குத் தப்பிக்கும் சில மட்டும் காலி இடத்தில் பெருகும். மாதக்கணக்கில் அவை அங்கேயே இருக்கக்கூடும். ஆறு மாதம் முன்பு சளிக்குச் சாப்பிட்ட செஃபிக்சிமை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, குடல் வைத்திருக்கிறது.

மருந்தே சாப்பிடாதவருக்கும் வரும் வழி ஒன்று உண்டு. எதிர்ப்பைக் கொடுக்கும் மரபணு பல சமயம் பிளாஸ்மிட் என்ற சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா அதைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். வாங்குவது வேற்று இனமாகவும் இருக்கலாம், ஈ. கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்குப் போகலாம். ஒரே வளையத்தில் மூன்று நான்கு மருந்துகளுக்கான மரபணுக்கள் சேர்ந்து பயணம் செய்வதால், ஒரு மருந்தைச் சாப்பிட்டால் தொடர்பே இல்லாத இன்னொரு மருந்துக்கும் எதிர்ப்பு பெருகுகிறது. வீட்டில் ஒருவர் ஐசியூவில் இருந்து திரும்பினால் அவர் குடலில் வந்த கிருமி கழிப்பறை வழியாகவும் சமைக்கும் கை வழியாகவும் மற்றவர்களுக்குப் போகலாம். கலங்கிய குடிநீரும் சாக்கடையும் அதே வேலையைப் பெரிய அளவில் செய்கின்றன.

மேலே சொன்ன பெண்ணின் கிருமி ‘ஈஎஸ்பிஎல்’ வகை. பென்சிலின், செஃபலோஸ்போரின் மருந்துகளின் நடுவளையத்தை வெட்டிப்போடும் நொதியை அது சுரக்கிறது. நம் நாட்டுப் பெரிய மருத்துவமனை ஆய்வகங்களில் வளரும் ஈ. கோலையில் பாதிக்கு மேல் இப்போது இப்படித்தான்.

கல்ச்சர் வர மூணு நாள் ஆகுதே, அதுவரை எரிச்சலோடு உட்கார்ந்திருக்கணுமா?

வேண்டாம். மாதிரியைக் கொடுத்துவிட்டு முதல் டோஸைத் தொடங்கலாம். வரிசை மட்டும் மாறக்கூடாது. மாத்திரை போட்டுவிட்டு மறுநாள் கொண்டுவரும் சிறுநீரில் கிருமி வளராமல் போகலாம், அப்புறம் எதை வைத்து மருந்தைத் தேர்வது?

மூன்று நாள் எங்கே போகிறது என்று பலருக்குச் சந்தேகம். முதல் நாள், ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும் கம்பி வளையத்தால் சிறுநீரை ஜெல்லி ஊற்றிய தட்டில் பூசி 35 - 37 டிகிரி சூட்டில் வைக்கிறோம். மறுநாள் காலை அதில் முளைத்த புள்ளிகளை எண்ணுவோம். நூறு புள்ளி என்றால் ஆயிரத்தால் பெருக்க, மில்லிக்கு ஒரு லட்சம். இரண்டாம் நாள், அந்தப் புள்ளியை உப்புநீரில் குறிப்பிட்ட கலங்கலுக்குக் கரைத்து, முல்லர்-ஹின்டன் தட்டு முழுக்கத் தடவி, மருந்து தோய்ந்த சிறு காகிதப் பொட்டுகளை வைப்போம். 16 முதல் 18 மணி நேரம். மூன்றாம் நாள் ஒவ்வொரு பொட்டையும் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளவுகோலால் அளப்போம். ஈ. கோலைக்கு சிப்ரோஃப்ளாக்சசின் வட்டம் 26 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் எஸ், 21 அல்லது அதற்குக் கீழே ஆர். அந்தப் பெண்ணின் தட்டில் வட்டமே இல்லை, பொட்டின் விளிம்பை ஒட்டி வெண்மையாக வளர்ந்திருந்தது. தானியங்கி இயந்திரம் உள்ள இடங்களில் கடைசிப் படி சில மணி நேரத்தில் முடியும். முதல் இரவைச் சுருக்க வழியில்லை.

மாதிரி கெடுவதும் இங்கேதான். முதலில் வரும் நீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு வர வேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் பிடித்து, பஸ்ஸில் வெயிலோடு வந்து, மதியம் ஜன்னலில் கொடுத்தால், வழியிலேயே கிருமி பெருகி லட்சத்தைத் தாண்டியிருக்கும். மூன்று வகைக் கிருமி கலந்து வளர்ந்தால் அநேகமாக அது தோலில் இருந்து வந்த கலப்படம். அப்போது மறுபடி மாதிரி கேட்போம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எம்ஐசி என்று ஒரு எண் போட்டிருக்கிறார்கள். எண் குறைவாக இருக்கும் மருந்துதானே பலமானது?

இல்லை. அந்த எண், கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவைப்பட்ட குறைந்தபட்ச மருந்து அளவு. ஒவ்வொரு மருந்துக்கும் எல்லைக்கோடு வேறு. ஒரு மருந்துக்கு 16 என்பது எஸ் ஆக இருக்கும், இன்னொன்றுக்கு 1 என்பதே ஆர் ஆக இருக்கும். கோழியின் எடையையும் முட்டையின் எடையையும் ஒப்பிட்டு எது நல்லது என்று கேட்பதுபோல ஆகிவிடும். எழுத்தைப் பாருங்கள், எண்ணை டாக்டருக்கு விட்டுவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் சீட்டு இல்லாமலே தருகிறார்களே, சட்டம் கிடையாதா?

இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். அதற்கு மேல் 2014 மார்ச் 1 முதல் ‘ஷெட்யூல் எச்1’ நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் எழுதிய டாக்டரின் பெயர் முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஓட்டை தெரியும். தொடங்கியபோது இருந்த 46 பெயர்களில் செஃபிக்சிம் உண்டு, லெவோஃப்ளாக்சசின் உண்டு, மெரோபெனம் உண்டு. அசித்ரோமைசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் அமாக்சிசிலினும் இல்லை. அவை பழைய ஷெட்யூல் எச்-சில்தான், அதாவது சீட்டு வேண்டும், ஆனால் அந்த நோட்டு வேண்டாம். கவுன்டரில் அதிகம் கேட்கப்படுபவை எவை என்று எந்தக் கடைக்காரரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். நோட்டு வைத்திருக்கும் கடைகளிலும் சில சமயம் ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பியது பார்த்தவுடன் தெரியும்.

கடைக்காரர் மீது மட்டும் பழி போடவும் எனக்கு மனம் வரவில்லை. கவுன்டரில் நடப்பதைச் சொல்கிறேன். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் சாயங்காலம் ஏழு மணிக்கு வருகிறார். டாக்டரைப் பார்த்தால் அரை நாள் சம்பளமும் ஃபீஸும் போகும். “வயித்தால போகுது அண்ணே, ரெண்டு மாத்திரை குடுங்க” என்கிறார். கொடுக்காவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார், அங்கே கொடுப்பார்கள். கொடுக்கப்படுவது பெரும்பாலும் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த கலவை மாத்திரை. ஒன்று பாக்டீரியாவுக்கு, இன்னொன்று அமீபாவுக்கு. ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டும் இருப்பது அபூர்வம். சாதாரண வயிற்றுப்போக்குக்கு இரண்டுமே தேவையில்லை, ஓஆர்எஸ் கரைசல் போதும், குழந்தை என்றால் கூடவே துத்தநாக மாத்திரை. மறுநாள் வயிற்றுப்போக்கு தானாக நின்றால் பேர் மாத்திரைக்குப் போகும், அடுத்த முறை அவர் பெயரைச் சொல்லியே கேட்பார்.

எனக்கு அதைவிடக் கவலை தருவது ஃபாரோபெனம். மெரோபெனத்தின் உறவுக்காரர், ஆனால் மாத்திரை வடிவில் கிடைக்கிறது. எச்1 பட்டியலில் இருந்தாலும் சாதாரண நீர்க்கடுப்புக்கு இதை எழுதுகிறார்கள். ஐசியூவில் கடைசியில் கைகொடுக்க வேண்டிய குடும்பத்தை வாசலிலேயே செலவழிக்கிறோம்.

கேரளம் 2024 தொடக்கத்தில் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகளில் திடீர்ச் சோதனையைத் தொடங்கியது. சீட்டு இல்லாமல் விற்பதைப் பொதுமக்களே புகார் சொல்லலாம், விற்ற கணக்கைக் கடை காட்ட வேண்டும். எதிர்க்கடையும் சேர்ந்து பிடிபடும் என்றால்தான் மறுக்கும் கடைக்காரருக்கு நஷ்டம் இல்லை. அதனால் இந்த வழி எனக்குச் சரியாகப் படுகிறது.

மாத்திரையை முழுக் கோர்ஸும் முடிக்கணுமா, சரியானதும் நிறுத்தலாமா?

டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். ஆனால் அவர் சொல்லும் நாட்கள் முன்பைவிடக் குறைந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நாளைக் கூட்டினால் எதிர்ப்பு வராது என்ற பழைய நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிது. கூடுதலாக ஒவ்வொரு நாளும் குடலில் மேலே சொன்ன வடிகட்டல் நடந்துகொண்டே இருக்கிறது. சாதாரண நிமோனியாவில் ஆள் தேறிவிட்டால் ஐந்து நாள் போதும். நீர்ப்பைத் தொற்றுக்கு ஃபாஸ்ஃபோமைசின் என்றால் மூன்று கிராம் பொடி, ஒரே ஒரு வேளை.

காசநோய்க்கு இது பொருந்தாது. அதில் ஆறு மாதம் என்றால் ஆறு மாதம், இடையில் விட்டால்தான் மருந்துக்கு அடங்காத காசநோய் பிறக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குப் பென்சிலின் பத்து நாள், அது பின்னால் வரக்கூடிய வாதக் காய்ச்சலும் இதய வால்வுப் பாதிப்பும் வராமல் தடுக்க. மிச்சமான மாத்திரைகளை மட்டும் டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், அடுத்த சளிக்கு அது கைக்கு வந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தால்தான் மோசமான கிருமி ஒட்டிக்கொள்ளுமாமே?

ஓரளவு உண்மை. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்டிஎம்-1 என்ற மரபணுவை உலகுக்குக் காட்டியது. அது இருக்கும் கிருமிக்கு மெரோபெனம் குடும்பமே வேலை செய்யாது. அந்த ஆய்வில் சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் அது இருந்தது. முதல் ஆசிரியரே சென்னைப் பல்கலைக்கழகத்துக்காரர். என்டிஎம் என்ற பெயரின் முதல் இரண்டு எழுத்து நியூ டெல்லியைக் குறிப்பதற்கு அப்போது பெரிய சண்டை நடந்தது. சண்டையில் போன நேரத்தில் மரபணு ஊர் ஊராகப் போய்விட்டது என்பது என் ஆதங்கம்.

ஐசியூவில் கிருமிக்கு வசதி அதிகம். படுத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆன்டிபயாட்டிக் ஓடுகிறது, உடம்பில் குழாய்கள் இருக்கின்றன, ஒரே நர்ஸ் மூன்று நான்கு பேரைப் பார்க்கிறார். சிறுநீர்க் குழாய் போட்டால் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. ஆகவே “இன்னும் குழாய் வேணுமா சிஸ்டர்?” என்று தினமும் கேட்பது பெரிய மருந்துக்குச் சமம்.

ஒரு சம்பவம். ஒரு வார்டில் கிளெப்சியெல்லா தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. கைகளைத் தேடினோம், கருவிகளைத் தேடினோம். கடைசியில் கை கழுவும் தொட்டியின் வடிகுழாயில் அதே கிருமி கிடைத்தது. மிச்ச டீ, மிச்ச குளுக்கோஸ், நோயாளி குடித்து விட்ட பால் எல்லாவற்றையும் அந்தத் தொட்டியில்தான் ஊற்றியிருக்கிறார்கள். குழாய்க்குள் வழுவழுப்பாகப் படிந்த கிருமிக்கு அது மூன்று வேளைச் சாப்பாடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் நேரே வடிகாலில் அடித்து, தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்த மருந்துத் தட்டில் விழும். தட்டை நகர்த்தினோம், வடிகுழாயை மாற்றினோம், டீக்கு வேறு தொட்டி வைத்தோம்.

அறுவை சிகிச்சைப் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் ஒரு டோஸ், பெரும்பாலான சுத்தமான அறுவைகளுக்கு அதுவே போதும். அறுவை முடிந்த பிறகு தொடர வேண்டாம் என்று 2016-இல் உலக சுகாதார நிறுவனமே எழுதிவிட்டது. ஆனாலும் ஐந்து நாள் ஊசி, வீட்டுக்குப் போகும்போது ஐந்து நாள் மாத்திரை என்று எழுதும் வழக்கம் நம் ஊரில் போகவில்லை. காயத்தில் சீழ் வைத்தால் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது “ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்களா?” என்பதுதான், அந்தப் பயமும் ஒரு காரணம்.

கோலிஸ்டின்தான் கடைசி மருந்து என்கிறார்கள். அதற்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

கோலிஸ்டின் 1950-களில் புழக்கத்துக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். மெரோபெனம் தோற்கத் தொடங்கிய பிறகு வேறு வழியில்லாமல் மறுபடி எடுத்தார்கள். இன்றும் ஐசியூவில் முதல் டோஸாக 90 லட்சம் யூனிட் ஏற்றிவிட்டு, கிரியாட்டினின் ஏறுகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மனிதனுக்கு ஒதுக்கி வைத்த அதே மருந்து விலங்குத் தீவனத்தில் இடம்பிடித்தது. குறைந்த அளவில் தொடர்ந்து கொடுத்தால் கோழியின் குடலில் தொற்று குறையும், தின்ற தீவனத்துக்கு எடை கூடும். நோய்க்கான வைத்தியமாக இல்லாமல் வளர்ச்சிக்கான உரம்போலக் கலந்தார்கள். 2015 நவம்பரில் சீனாவில் பன்றிகளிலும் இறைச்சியிலும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைக் கண்டார்கள். கோலிஸ்டினுக்கு எதிர்ப்பு கொடுக்கும் அது பிளாஸ்மிட்டில் உட்கார்ந்திருந்தது, அதாவது பயணம் செய்யும் வகை. 2017-இல் சீனா தீவனத்தில் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. பன்றிகளிடம் எடுத்த ஈ. கோலையில் 34 சதவீதமாக இருந்த கோலிஸ்டின் எதிர்ப்பு, ஓரிரு வருடத்தில் 5 சதவீதத்துக்கு இறங்கியது. இந்தத் துறையில் இவ்வளவு தெளிவாகப் பலன் தெரிந்த நடவடிக்கை எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை.

இந்தியா 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் வளர்ப்பு எல்லாவற்றிலும் கோலிஸ்டினின் தயாரிப்பையும் விற்பனையையும் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஐசியூக்களில் கோலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லாவை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் எம்சிஆர் இல்லை. கிருமி தன் சொந்த மரபணுவில் ஏற்படுத்திக்கொண்ட மாற்றம்தான் இருக்கிறது, அது மருத்துவமனையில் நாமே கோலிஸ்டினை ஊற்றியதால் வந்தது. கோழியைக் காட்டி ஐசியூ தப்பித்துக்கொள்ள முடியாது.

கோழிப்பண்ணையில் இன்னும் ஓடுவது வேறு. பல்லடம், உடுமலை பக்கம் பிராய்லர் வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தக்காரர்கள். குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனி கொடுக்கும். வளர்ப்பவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. ஐந்தாறு வாரத்தில் விற்க வேண்டிய கோழியில் நாலு தும்மினால், மொத்தக் கொட்டகைக்கும் குடிநீரில் என்ரோஃப்ளாக்சசின் கலப்பார்கள். நோய்ப்பட்ட கோழி தண்ணீர் குறைவாகக் குடிக்கும், நன்றாக இருக்கும் கோழி நிறையக் குடிக்கும். மருந்து வேண்டியதற்குப் பற்றாமலும் வேண்டாததற்கு நிறையவும் போகிறது. என்ரோஃப்ளாக்சசின் உடம்பில் உடைந்தால் வருவது சிப்ரோஃப்ளாக்சசின், அந்தப் பெண்ணின் தட்டில் வட்டமே காட்டாத அதே மருந்து. அமெரிக்கா 2005-லேயே இதைக் கோழிகளில் கொடுக்க அனுமதியை விலக்கிக்கொண்டது.

மருந்தைக் குறைக்க விரும்பும் வளர்ப்பவர் செய்யக்கூடியவை பண்ணைக்குள்ளேயே இருக்கின்றன. தரையில் போடும் மஞ்சு, அதாவது தேங்காய் நார்த்தூள், ஈரமானால் அம்மோனியா எழும்பி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும், அந்தப் புண்ணில்தான் ஈ. கோலை ஏறும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் கோழிக்கு ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது. மஞ்சைக் கிளறி உலர வைப்பது, தண்ணீரில் குளோரின், முதல் வாரம் குஞ்சுக்குச் சரியான சூடு, ஒரு தொகுதி போனபின் கொட்டகையைக் கழுவி இரண்டு வாரம் காலியாக விடுவது. கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். காலிக் கொட்டகைக்கு வளர்ப்புக் கூலி கிடையாது.

அப்படியென்றால் பிராய்லர் கோழி சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்தால் சாப்பிடலாம். கொதியில் கிருமி செத்துவிடும். வீட்டில் தவறு நடப்பது அதற்கு முன்னால். பச்சைக் கறியைக் குழாயடியில் கழுவித் தெறிக்க விடுவதும், கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்குவதும்தான். இறைச்சியில் தங்கிய மருந்து எச்சம் வேறு விஷயம், அது சூட்டில் முழுதாகப் போகாது. மருந்து நிறுத்திய பின் விற்கும்வரை காத்திருக்க வேண்டிய நாட்களைப் பண்ணை கடைப்பிடித்ததா என்பதைப் பொறுத்தது. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலுக்கும் இதேதான், காய்ச்சினால் எச்சம் போகாது.

‘ஆன்டிபயாட்டிக் ஸ்டூவர்ட்ஷிப்’ என்று ஆஸ்பத்திரியில் போர்டு வைத்திருக்கிறார்களே, உண்மையில் என்ன செய்கிறார்கள்?

போர்டோடு நிற்கும் இடங்களும் உண்டு. நடக்கும் இடத்தில் அதன் உயிர், மருந்து தொடங்கிய 48 முதல் 72 மணி நேரத்துக்குள் நடக்கும் ஒரு மறுபார்வை.

ஒரு நாள் ரவுண்டைச் சொல்கிறேன். 60 வயதுக்காரர், காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியுமாக இரவு வந்தார். இரண்டு கையிலும் தனித்தனியே ரத்தம் எடுத்துக் கல்ச்சர் புட்டிகளில் விட்டுவிட்டு மெரோபெனம் தொடங்கினார்கள். சரியான முடிவு, அந்த நேரத்தில் தாமதித்தால் உயிர் போகும். மூன்றாம் நாள் ரத்தத்தில் ஈ. கோலை, அதுவும் செஃப்ட்ரியாக்சோனுக்கே எஸ். ஆய்வகத்தில் இருந்து நான், மருந்தியலாளர் ஒருவர், தொற்றுநோய் மருத்துவர் மூன்று பேரும் போய்ச் சொன்னோம், செஃப்ட்ரியாக்சோனுக்கு இறக்கிவிடலாம் என்று. பதில் எப்போதும் ஒன்றுதான்: “ஆள் தேறிட்டாரே, எதுக்கு மாத்தணும்?” தேறியதால்தான் மாற்றலாம் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டளை போட்டால் அடுத்த நோயாளிக்கு நம்மைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் கேஸ் தாளில் காரணத்தை இரண்டு வரி எழுதிவிட்டு, முடிவை அவரிடமே விட்டுவிடுவோம். அன்று மாற்றினார்கள். மொத்தம் ஏழு நாளில் மருந்தை நிறுத்தினார்கள்.

கணக்கும் வைக்க வேண்டும். 20 படுக்கை ஐசியூ, 30 நாள், எல்லாம் நிரம்பியிருந்தால் 600 நோயாளி-நாட்கள். அந்த மாதம் எல்லோருக்குமாக மெரோபெனம் ஓடியது 240 நாட்கள் என்றால், ஆயிரத்துக்கு 400. இந்த எண்ணை மாதாமாதம் சுவரில் ஒட்டினால் பேச்சு மாறும். ஆனால் ஒரு மருந்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். மெரோபெனத்துக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு விதி போட்டபோது அது அழகாகக் குறைந்தது, பிபரசிலின்-டாசோபாக்டம் அதே வேகத்தில் ஏறியது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கும், அதனால் எல்லா மருந்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

எங்கள் ஊரில் முப்பது படுக்கை நர்சிங் ஹோம்தான். மைக்ரோபயாலஜிஸ்ட் கிடையாது. நாங்கள் என்ன செய்ய முடியும்?

மூன்று காரியம் போதும். அறுவைக்கு முந்தைய ஒரு டோஸோடு நிறுத்துவது, அதற்கு ஆய்வகமே வேண்டாம். ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்குக்கும் எதற்காகத் தொடங்கினோம், என்று நிறுத்துவோம் என்பதைக் கேஸ் தாளில் எழுதுவது. மூன்றாவது, வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய கல்ச்சர்களை ஒரு தாளில் சேர்த்து வருடத்துக்கொரு முறை சதவீதம் போடுவது. ஒரே நோயாளியின் கிருமியை ஒரு தரம்தான் எண்ண வேண்டும், ஒரு வகைக் கிருமி மொத்தம் 30-க்குக் குறைவாக வளர்ந்திருந்தால் அந்தச் சதவீதத்தை நம்பக்கூடாது. அந்தத் தாள்தான் கல்ச்சர் வருமுன் எதைத் தொடங்குவது என்று சொல்லும்.

கோலிஸ்டினுக்கு எஸ் என்று பொட்டு முறையில் ரிப்போர்ட் தரும் ஆய்வகமாக இருந்தால் வேறு ஆய்வகம் பாருங்கள். அதன் மூலக்கூறு பெரிது, ஜெல்லியில் சரியாகப் பரவாது, வட்டம் பொய் சொல்லும். திரவத்தில் படிப்படியாக நீர்த்துச் செய்யும் சோதனைதான் செல்லும்.

புது மருந்து எதுவும் வரவில்லையா?

சில வந்திருக்கின்றன. என்டிஎம் கிருமிக்கு இப்போது செஃப்டசிடிம்-அவிபாக்டமையும் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். என்டிஎம் நொதியால் அஸ்ட்ரியோனாமை வெட்ட முடியாது, ஆனால் அதே கிருமியில் உள்ள ஈஎஸ்பிஎல் வெட்டிவிடும். அவிபாக்டம் அந்த இரண்டாவது கத்தரியைப் பிடித்துக்கொள்ளும். அழகான யோசனை. விலை பல குடும்பங்களுக்கு எட்டாது, அதற்கும் அடங்காத கிருமிகள் ஏற்கெனவே தட்டில் வரத் தொடங்கிவிட்டன.

எனக்கு எரிச்சல் போய்விட்டது. கன்ஃபர்ம் பண்ண இன்னொரு கல்ச்சர் பார்த்துவிடலாமா?

வேண்டாம். அறிகுறி இல்லாதவர்களின் சிறுநீரிலும், வயதானவர்களிலும் சர்க்கரை நோயாளிகளிலும் இன்னும் அதிகமாக, கிருமி வளர்வது சாதாரணம். கர்ப்பமாக இருந்தாலோ, சிறுநீர்ப் பாதையில் அறுவை செய்யப்போவதாக இருந்தாலோ தவிர, அதற்கு வைத்தியம் தேவையில்லை. பரிசோதித்தால் ஏதாவது வளரும், வளர்ந்தால் யாராவது மாத்திரை எழுதுவார்கள். அந்தப் பெண்ணும் ஒரு மாதம் கழித்து டப்பாவோடு வந்தார். எரிச்சல் இருக்கா அக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.